24 பாயிண்ட்

தாத்தா சிவகாசியில் 31 வருஷம் அச்சுக் கோத்தவர். ஈய எழுத்துகள் இடம் வலம் மாறித் திரும்பிக் கிடக்கும்போதே வாசித்துப் பழகிய கண். அந்தக் கண்ணின் நடுவில்தான் இப்போது புகைத் திட்டு மாதிரி ஒன்று. விழித்திரையின் மையம் தேய்ந்துவிட்டது, கண்ணாடி மாற்றிப் பயனில்லை, ஓரப் பார்வை நிற்கும் என்று மதுரையில் டாக்டர் சொல்லிவிட்டார். என்னை நேராகப் பார்த்தால் காதும் தோடும் தெரியுமாம். முகம் தெரியாதாம்.

அத்தை வாங்கிக் கொடுத்த டேப்லெட்டில் வாட்ஸ்அப் சத்தம் வந்தால் அப்பாவைக் கூப்பிடுவார். அப்பா வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே வாசிப்பார். "சாத்தூர் மாமா, நல்லா இருக்கீங்களான்னு கேட்டிருக்கார்" என்பார். அவ்வளவுதான். சாத்தூர் மாமா தாத்தாவோடு அதே அச்சகத்தில் டிரெடில் மிஷின் ஓட்டியவர்.

லீவுக்கு நான் வந்திருந்தபோது, அப்பா வெளியே போனதும் தாத்தா மெதுவாகச் சொன்னார்: "தாயி, எழுத்துத்தான் தெரியலை. பத்தியோட நீளம் ஓரக் கண்ணுல தெரியுது. அது பன்னெண்டு வரி மேட்டர். உங்கப்பன் ஒரு வரிதான் வாசிச்சான்."

அன்று மத்தியானமே உட்கார்ந்தோம்.

முதலில் `Font size` கோட்டைக் கடைசி வரை இழுத்தேன். எழுத்து பெரிதாக வந்தது, ஆனால் வரிக்கு ஒரு வார்த்தை. 'வந்துகொண்டிருக்கிறேன்' மூன்றாக உடைந்து தொங்கியது. தாத்தா தலையை ஆட்டினார். "தலைப்பு எழுத்துல மேட்டர் கோக்கக் கூடாது. கண்ணு ஒரு வார்த்தையை முடிக்கும்முன்னே வரி முடிஞ்சிருது. 24 பாயிண்ட் இருந்தாப் போதும்." இரண்டு படி குறைத்து, டேப்லெட்டைப் படுக்கைவாட்டில் திருப்பி வைத்தேன். வரி நீண்டது. வரிகளுக்கு நடுவே ஈயத் தகடு சொருக முடியுமா என்று கேட்டார். அதற்கு வழி கிடைக்கவில்லை.

புள்ளிகள் மட்டும் தெரியவில்லை. 'கண்'ணைக் 'கண' என்று வாசித்தார். `Bold text` போட்டதும் புள்ளி தடித்து வந்தது.

அப்புறம் நிறம். வெள்ளைத் திரை கண்ணைக் கூசுகிறது என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார், நாங்கள்தான் காதில் வாங்கவில்லை. `Color inversion` போட்டுப் பார்த்தேன். திரை கறுப்பானது, கூடவே அத்தை பேரனின் போட்டோவும் பிலிம் நெகட்டிவ் மாதிரி ஆகிவிட்டது. "ஐயோ, பிள்ளை முகத்தை எடுத்துராத" என்று பதறினார். அதை அணைத்துவிட்டு வாட்ஸ்அப்பை மட்டும் கறுப்புக்கு மாற்றி, மேலே `Night Light`டைக் கூட்டினேன். வெள்ளை எழுத்து மஞ்சளானது. குழந்தையும் கொஞ்சம் மஞ்சளாகத்தான் தெரிந்தான். அது பரவாயில்லை என்றார்.

நேராகப் பார்க்காமல், எழுத்துக்குக் கொஞ்சம் மேலே பார்க்கச் சொன்னேன். டாக்டர் சொன்னதுதான். முதல் வார்த்தைக்கு ஒரு நிமிஷம் ஆனது. பிறகு விரலை வரிக்கு அடியில் நகர்த்திக்கொண்டே போனார். உதடு மட்டும் அசைந்தது. பழைய செய்திகளுக்கு மேலே மேலே தள்ளிப் போனார். நான் காபி போட எழுந்து போனேன்.

திரும்பி வந்தபோது டேப்லெட் மடியில் இருந்தது. "சாத்தூரானுக்கு ஆடி மாசமே காலை எடுத்துட்டாங்களாம். சர்க்கரை. மூணு தடவை எழுதியிருக்கான். நீ ஒரு வார்த்தை கேக்கலியேன்னு எழுதியிருக்கான்."

அப்பா இரவு வந்ததும் தானே சொன்னார்: "தெரிஞ்சா தூங்க மாட்டீங்கன்னுதான்..." தாத்தா கோபப்படவில்லை. "தூக்கம் என்னுது. அவன் என் சிநேகிதன்" என்றார். அப்பா கொஞ்ச நேரம் நின்றார். "ஞாயித்துக்கிழமை சாத்தூர் கூட்டிட்டுப் போறேம்ப்பா."

"சரி. அதுக்கு முன்னாடி நான் பதில் எழுதணும்."

மைக்கைத் தொட்டுப் பேசினாலே எழுத்தாகிவிடும் என்று காட்டினேன்.

"வீடு பூரா கேக்கச் சத்தமாச் சொல்றதுக்கா இத்தனை பாடுபட்டோம்? எழுத்துப் பலகையையும் பெரிசாக்கு தாயி."

பெரிதாக்கினேன். அதையும் கறுப்பில் மஞ்சளாக வைத்தேன். விரல் திரைக்கு மேலே ஒரு வட்டம் போட்டு நின்றது.

"கேஸ்ல எந்தப் பெட்டியில எந்த எழுத்துன்னு கண்ணை மூடிக்கிட்டே எடுப்பேன். இதுல இனிமேத்தான் பழகணும். 'ட' எங்க இருக்குன்னு மட்டும் காட்டு. அப்புறம் நீ போ."