பின்பலகை

சுத்தியலால் தட்டினால் நல்ல ஃபைபர் 'ணங்' என்று பதில் சொல்லும். உள்ளே பிரிந்துபோன ஃபைபர் 'தொப்' என்று அடங்கிப் போகும். அரவிந்த் படகின் பின்பலகையை இடமிருந்து வலமாகத் தட்டிக்கொண்டே போனான். முதல் ஒன்றரை அடி ணங். இன்ஜின் உட்காரும் நடுப்பகுதி முழுக்கத் தொப். 'தொப்' கேட்ட இடங்களைச் சாக்பீஸால் வளைத்தான். கோடு முடிந்தபோது ஒரு சாப்பாட்டு மேசை அளவுக்கு வந்திருந்தது.

"வெளியில ஒண்ணும் தெரியலியேடா" என்றார் கலியபெருமாள்.

"வெளியில தெரியறப்ப நடுக்கடல்ல இருப்பீங்கப்பா."

வெள்ளப்பள்ளத்துக் கரையில் அன்று படகுகள் குறைவு. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகுக்கும் ஃபைபர் படகுக்கும் அந்தத் தடை இல்லை. லாஞ்சு மீன் வராததால் கானாங்கெளுத்தியும் ஷீலாவும் எந்த மாசமும் கேட்காத விலைக்குப் போகும். வருஷத்துக் கடனை ஃபைபர்காரன் அடைப்பது இந்த ரெண்டு மாசத்தில்தான். அந்தச் சமயம் பார்த்துத்தான் இவர்கள் படகு டிராக்டர் கயிற்றில் இழுபட்டு, மணல் மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

பாலிடெக்னிக் ஆறாவது செமஸ்டர் பரீட்சையும் அந்தச் சமயத்தில்தான். இன்னும் இரண்டு தாள் பாக்கி. அரியர் இல்லாமல் முடித்தால் ஒரகடத்தில் ஒரு கார் பாகக் கம்பெனியில் டிரெய்னி வேலை. ஜூலை முதல் தேதி சேரணும். மாசம் பதினாலாயிரத்து ஐந்நூறு. வேலைக் கடிதம் செல்போனில் வந்து மூன்று வாரம் ஆகிறது. வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

கலியபெருமாள் நேராகக் கேட்கிற ஆள் இல்லை. அன்று சாயந்தரம் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கேட்டார்:

"எத்தனை கிலோ மேட்டு வாங்கணும்?"

ரெசினில் நனைத்து அடுக்கடுக்காக ஒட்டுகிற ஃபைபர் விரிப்புதான் மேட்டு. ஆனால் கேள்வி மேட்டைப் பற்றியது இல்லை என்று அரவிந்துக்குத் தெரியும். நாலு கிலோ வாங்கினால் மேலே மூணு அடுக்கு ஒட்டுப் போட்டு, ரெண்டு நாளில் கடலில் இறக்கலாம். ஒரு சீசன் தாங்கும். அப்புறம் வந்த விலைக்குத் தள்ளிவிடலாம். பன்னிரண்டு கிலோ வாங்கினால் உள்தோலை வெட்டி எடுத்து, உள்ளே இருக்கிற மரத்தை மாற்றி, ஏழு அடுக்குப் போட்டு, மூலைகளுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். எட்டு ஒன்பது நாள் வேலை. பத்து வருஷத்துக்குப் பின்பலகையைத் திரும்பிப் பார்க்க வேண்டாம். பத்து வருஷத்துக்குப் படகு வேண்டுமென்றால், அதில் ஏற ஆள் இருக்க வேண்டும். அப்பா கேட்டது அது.

"மரத்தைத் தொறந்து பாத்துட்டுச் சொல்றேன்ப்பா."

மறுநாள் காலையில் நாலு பேர் சேர்ந்து இன்ஜினை வால்குழாயோடு தூக்கிக் கீழே வைத்தார்கள். அரவிந்த் கையிலும் கழுத்திலும் தேங்காய் எண்ணெயைத் தடவி, முழுக்கைச் சட்டை போட்டு, வாயைத் துணியால் கட்டிக்கொண்டான். ஃபைபர் தூள் தோலில் ஏறினால் ராத்திரி தூக்கம் வராது. எண்ணெய் இருந்தால் குளிக்கும்போது வழுக்கிப் போய்விடும். கிரைண்டரில் உள்தோலை வெட்டி நெம்பியதும் ஒரு வாடை அடித்தது, ஊறவைத்து மறந்துபோன தென்னை மட்டையின் வாடை. ஸ்குரூடிரைவர் மரத்துக்குள் கைப்பிடி வரை இறங்கியது. இழுத்தபோது பழுப்பாகத் தண்ணீர் வடிந்தது.

"போல்ட்டு ஓட்டைதான்" என்றான். "மரத்துல ஓட்டை போட்டு நேரா போல்ட்ட முடுக்கியிருக்கு. இன்ஜின் அதிர அதிர ஓட்டை வாயி அகண்டு, தண்ணி உள்ள போயிருக்கு. ஓட்டையைப் பெருசாப் போட்டு, ரெசின ஊத்தி அடைச்சு, காஞ்சப்புறம் அதுக்கு நடுவுல திரும்ப ஓட்டை போடணும். அப்பத்தான் மரத்துல தண்ணியே படாது."

கலியபெருமாள் குனிந்து பார்த்தார். ஒரு மூலையில் மேட்டு, மரத்தில் ஒட்டாமல் அப்பளம் போலத் தனியாக எழும்பி நின்றது.

"இது நான் போட்டது" என்றார். "கஜாவுக்கு அப்புறம்."

2018 நவம்பர் 16 விடியற்காலையில் புயல் வேதாரண்யத்துப் பக்கம் கரையேறியபோது, இந்தப் படகு கரையில் இருந்து புரண்டு சவுக்குத் தோப்பில் குப்புறக் கிடந்தது. சுனாமிக்கு மறு வருஷம், 2005-ல், ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்த படகு. நிவாரணம் எப்போது வருமென்று தெரியவில்லை. வீட்டில் அரிசி இல்லை. மூன்றாம் நாளே ஈர மரத்தின் மேல் ரெசினைப் பூசி, மேட்டைப் போட்டு ஒப்பேற்றிவிட்டார். ஈரத்தில் ரெசின் பிடிக்காது. உப்புப் பூத்திருந்தால் சுத்தமாகவே பிடிக்காது. அன்றைக்கும் அவருக்கு அது தெரியும்.

"ஏழு வருஷம் ஓட்டிட்டேன் பாரு" என்றார், பெருமையா வருத்தமா என்று பிரிக்க முடியாத குரலில்.

மத்தியானம் அம்மா செல்வி நாகப்பட்டினத்தில் மீன் விற்றுவிட்டு, காலி அன்னக்கூடையோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். திறந்து கிடந்த பின்பலகையை ஒரு பார்வை பார்த்தாள்.

"ரெண்டு பேரும் மேட்டக் கேட்டுக்கிட்டும் மரத்தப் பாத்துக்கிட்டும் இருங்க. வாயைத் தொறந்து பேசிடாதீங்க. பேசுனா பல்லு உதுந்துடும்."

அந்த ராத்திரி, பரீட்சைக்குப் படிக்கிற நோட்டின் பின்பக்கத்தில் அரவிந்த் ஒரு கணக்குப் போட்டான். நல்ல நாளில் விற்பனை 15,000. இருபத்தைந்து லிட்டர் டீசல், ஐஸ், பேட்டா என்று 3,000 கழியும். மீதி 12,000-ல் பாதி படகு, இன்ஜின், வலைக்கு. மறு பாதி நாலு ஆளுக்கு, தலைக்கு 1,500. அவனும் ஏறினால் அவன் பங்கும் வீட்டுக்கு வரும். ஏறாவிட்டால் அந்த 1,500 வேறொருவனுக்குப் போகும். அவ்வளவுதான். படகுப் பங்கு எங்கேயும் போகாது. இதே கணக்கை மூன்று வாரமாக 'படகா, வேலையா' என்று தலைப்புப் போட்டு எழுதியதால் தான் விடை வராமல் இருந்திருக்கிறது.

தலைப்பை அடித்துவிட்டு, கீழே 'அப்பாவுக்கு வயசு 49' என்று எழுதினான். அவன் போனாலும் இருந்தாலும் விடிகாலை ரெண்டு மணிக்கு அந்த மனுசன் அலை தாண்டத்தான் போகிறார். மூணு அடுக்கு ஒட்டாக இருந்தாலும் போவார். ஏழு வருஷம் ஈர மரத்தில் போனவர்.

அடுத்த தாள் எழுதிய கையோடு நாகப்பட்டினம் கடையில் சாமான் வாங்கினான். சதுர மீட்டருக்கு 450 கிராம் மேட்டு பன்னிரண்டு கிலோ. ரெசின் முப்பது கிலோ, அதாவது மேட்டின் எடைக்கு இரண்டரை பங்கு. ரெசினை இறுக வைக்கக் கோபால்ட், கேட்டலிஸ்ட். பிரஷ் கழுவ அசிட்டோன். பதினெட்டு மில்லி ஐஎஸ் 710 மரைன் பிளைவுட் ஒரு ஷீட், இரண்டாக அறுத்து ஒட்டிக்கொள்ள. பதினாலாயிரத்துச் சொச்சம் ஆனது. கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் வேறு வேறு பையில் போடச் சொன்னான். இரண்டும் நேராகக் கலந்தால் வெடிக்கும். எப்போதும் ரெசினில் கோபால்ட்டைக் கலக்கிவிட்டு அதற்கப்புறம்தான் கேட்டலிஸ்ட்.

கலியபெருமாள் மேட்டுக் கட்டை ஒரு கையில் தூக்கிப் பார்த்தார். தராசு இல்லாமல் மீனை நிறுக்கிற கை. முகம் மலர்ந்துவிட்டது. ஒன்றும் கேட்கவில்லை. அரவிந்தும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

பழைய மரத்தைச் சுரண்டி எடுக்க ஒரு நாள். நல்ல தண்ணீரில் மூன்று முறை கழுவி, வெயிலில் இரண்டு நாள் காயவிட்டார்கள். ராத்திரி ஒரு பிளாஸ்டிக் தாளை ஃபைபரின் மேல் நாலு பக்கமும் டேப் ஒட்டி வைத்தான். காலையில் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் இன்னும் ஈரம் என்று அர்த்தம். முதல் ராத்திரி நின்றது. இரண்டாம் ராத்திரி இல்லை. விளிம்பைச் சரிவாகத் தேய்த்தான்: எட்டு மில்லி கனத்துக்கு ஒரு சாண் சரிவு இருந்தாலும் தப்பில்லை, நாலு அங்குலமாவது வேண்டும். சரிவு குறைந்தால் புது ஃபைபர் பழசை விட்டு ஒருநாள் கழன்று வரும். பிளைவுட்டை ஒட்டி, இறுக்கி, ஒரு நாள் விட்டார்கள்.

படகில் பங்கு ஆளான மாரிமுத்து மாமா வந்து பார்த்துவிட்டு, "பக்கத்துப் படகு நேத்து மட்டும் பதினெட்டாயிரம்" என்று சொல்லிவிட்டுப் போனார். கலியபெருமாள் காதில் வாங்கவில்லை. "போவட்டும். என் மவன் பத்து வருஷத்துக்குக் கட்டுறான்" என்றார், மாமா தெருமுனை திரும்பிய பிறகும் கேட்கிற சத்தத்தில்.

அடுக்குப் போடுகிற அன்று விடிந்ததுமே ஆரம்பித்தார்கள். சித்திரை வெயில் ஏறிவிட்டால் ரெசின் சட்டியிலேயே இறுகிவிடும். அதனால் ஒரு தடவைக்கு ஒரு கிலோ, கேட்டலிஸ்ட் பத்து மில்லி, ஊசியில் அளந்து. கலியபெருமாளுக்கு இருபது வருஷமாக 'ஒரு மூடி'தான் அளவு. ஊசியைப் பார்த்துச் சிரித்தார். மூன்று அடுக்கு போனது. அப்பா பிரஷ்ஷால் நனைக்க, மகன் உருளையால் காற்றுக் குமிழியை விளிம்புக்குத் தள்ளினான். ஒரேயடியாக ஏழும் போட்டால் சூட்டில் வெந்துவிடும் என்பதால் ஒரு மணி நேரம் விட்டு, நாலாவதுக்கு ரெசின் கலந்தான். பத்து மில்லி விட்டுக் கலக்கும்போது அப்பா கேட்டார்:

"மேலச் சட்டத்துல உன் பேர எழுதிடுவமா?"

கலக்கிய குச்சி நின்றது.

"நான் ஜூலையில போறேன்ப்பா."

அலைச் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப இது யாருக்கு? பன்னெண்டு கிலோ?"

"ஒங்களுக்கு."

"எனக்கு நாலு போதும். நான் ஓட்டிக்குவேன்."

"ஓட்டுவீங்க. அதான் பன்னெண்டு வாங்குனேன். நான் ஒரகடத்துல ராத்திரி ஷிப்டுல நிக்கிறப்ப, இது தொப்னு சத்தம் போடுமான்னு நெனச்சுக்கிட்டு நிக்க முடியாதுப்பா."

"என் படகுல ஆளு?"

"ஒரு பங்குதான் கொறையும். சித்தப்பா மவன் வர்றேங்கிறான், கேட்டுட்டேன்."

"அவங்கிட்ட கேட்டுட்ட. எங்கிட்ட கேக்கல."

"நீங்க எங்கிட்ட மேட்டத்தானே கேட்டீங்க."

கலியபெருமாள் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி நின்றார். எவ்வளவு நேரமென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. நெடி மூக்கில் ஏறியபோதுதான் அரவிந்த் சட்டியைப் பார்த்தான். ரெசின் ஜெல்லியாகி, கொதித்து, மெலிசாகப் புகைந்துகொண்டிருந்தது. கலியபெருமாள் சட்டியைக் காலால் மணலில் தள்ளி, மேலே ஈர மணலை வாரிப் போட்டார். குச்சி நட்டுக்க நின்றது.

"ஒரு கிலோ போச்சு" என்றார். பிரஷ்ஷை அசிட்டோனில் முக்கி அலசினார். கொஞ்ச நேரம் கழித்து ஊசியை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கோட்டைத் தேடினார்.

"அரை கிலோவுக்கு எத்தன?"

"அஞ்சு மில்லி."

"அரை அரை கிலோவாக் கலக்குவோம். பேசிக்கிட்டு வேற இருக்கோம்."