பணியிடத் துன்புறுத்தல் தடுப்புக் கொள்கை

பயிற்சியாளர், ஒப்பந்தப் பணியாளர், இரவுக் காவலர் உட்பட இங்கே வேலை செய்யும் எல்லோருக்கும் இந்தக் கொள்கை பொருந்தும்.

வேண்டாம் என்ற பிறகும் தொடுவது, உடலைப் பற்றிப் பேசுவது, ஆபாசப் படம் அனுப்புவது, பிறப்பையோ நிறத்தையோ சொல்லி இழிவுபடுத்துவது, பதவி உயர்வைக் காட்டி மிரட்டுவது எல்லாமே துன்புறுத்தல்தான். இரவு பதினோரு மணிக்கு மேலாளர் திரும்பத் திரும்ப அனுப்பும் “தூங்கிட்டியா?” என்ற செய்தியும் இதில் அடங்கும். “சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்” என்ற சமாதானத்தை ஏற்க மாட்டோம். ஒருமுறை நடந்தாலும் புகார் செய்யலாம். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 190-ஆவது உடன்படிக்கையும் (2019) ஒரே ஒரு சம்பவத்தைக் கூடத் துன்புறுத்தலாகக் கருதுகிறது.

விசாரணைக் குழுவின் எந்த உறுப்பினரிடமும் நேரிலோ கடிதத்திலோ புகார் தரலாம். உங்கள் மேலாளர் வழியாகப் போக வேண்டியதில்லை. எழுத வரவில்லையா? சரி, வாயால் சொல்லுங்கள். உறுப்பினரே எழுதி, வாசித்துக் காட்டி, அப்புறம் கையெழுத்து வாங்குவார்.

குழுவில் ஐந்து பேர். தலைவர் பெண், ஒருவர் நிறுவனத்துக்கு வெளியே இருந்து வருபவர். இரு தரப்பையும் தனித்தனியே கேட்டு, சாட்சிகளையும் செய்திகளையும் பார்த்து, 60 நாட்களுக்குள் குழு அறிக்கை தரும். பெயர்கள் வெளியே போகாது. புகார் கொடுத்தவர் கேட்டால், விசாரணை முடியும்வரை எதிர்த்தரப்பினரின் ஷிஃப்ட் மாற்றப்படும். புகார் கொடுத்தவரையோ சாட்சியையோ பழிவாங்கினால் அதற்குத் தனியாக நடவடிக்கை உண்டு.