2020-21 ஜிஎஸ்டி நோட்டீஸ் முடிஞ்சது பத்தி, ஃபைனல் ஆர்டர் எழுத்துல வேண்டி

சேலம்,
9.9.2024

உதவி ஆணையர் (மாநில வரி) மேடம் அவர்களுக்கு,
வணிக வரி அலுவலகம், சேலம்.

வணக்கம் மேடம்,

செவ்வாய்பேட்டையில வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம் பண்றோம்ங்க. 2020-21 வருஷ ரிட்டர்னுக்காக 12.6.2024 தேதி போட்ட ஏஎஸ்எம்டி-10 நோட்டீஸ் வந்துச்சு, அதுக்கு 8.7.2024 அன்னிக்கு ஏஎஸ்எம்டி-11ல பதில் போட்டோம், அப்புறம் 4.9.2024 புதன்கிழமை நானும் எங்க ஆடிட்டரும் நேர்ல வந்தப்ப ரெண்டு பாயிண்டையும் பார்த்துட்டு "விளக்கம் சரியா இருக்கு, இதை இத்தோட முடிச்சுடுறோம், கட்ட வேண்டியது எதுவும் இல்ல"ன்னு சொன்னீங்க. அன்னிக்கு பேசுனதை நாங்க புரிஞ்சுக்கிட்ட மாதிரியே கீழ எழுதியிருக்கேன், எங்கயாவது மாறியிருந்தா தயவுசெஞ்சு சொல்லுங்க.

முதல் பாயிண்ட், 2020 அக்டோபர்ல வாங்குன 5 கிலோ வெள்ளிக் கட்டி. பில் மதிப்பு 3,09,000 ரூபா, 3% வரி 9,270 ரூபா. வித்தவங்க அதை அவங்க ஜிஎஸ்டிஆர்-1ல எங்க நம்பர் போடாம பி2சி விற்பனையா காட்டிட்டதால எங்க 2பியில வரலை, ஆனா வரியை அவங்க 3பியில கட்டிட்டாங்க. அந்த மாசம் 36(4) ரூல்ல இருந்த 10% வரம்புக்குள்ளதான் இந்தத் தொகை வருது, அதனால 17.7.2023 தேதியிட்ட 193ஆம் நம்பர் சர்க்குலர் படி வித்தவங்ககிட்டயே சர்டிஃபிகேட் வாங்கி, பில், பேங்க் ஸ்டேட்மெண்டோட வச்சோம், நீங்களும் ஏத்துக்கிட்டீங்க.

ரெண்டாவது, ஜாப் ஒர்க்குக்கு போன வெள்ளி எடையும் திரும்பி வந்த எடையும் ஒத்துப் போகலைங்கிறது. இதைப் பத்திதான் எனக்கு நெஜமாவே கவலையா இருந்துச்சு மேடம். கம்பி இழுக்க ஒரு வீடு, முத்து பத்த வைக்க ஒரு வீடு, மெருகு போட இன்னொரு இடம்னு ஒரே கொலுசு சிவதாபுரம் வரைக்கும் கை மாறிப் போகும், ஒவ்வொரு கையிலயும் கொஞ்சம் சேதாரம் விழும், அதை கம்ப்யூட்டர் ஷீட்ல மட்டும் பார்த்தா வெள்ளி காணாமப் போன மாதிரிதான் தெரியும். நீங்க சலான் புக்கையே வாங்கி போன எடை, வந்த எடை, சேதாரம்னு பென்சில்ல டிக் அடிச்சு வரிசையா பார்த்தீங்க, ஒரு பக்கத்துல எங்க பையன் கிராம்ல எழுதியிருந்ததைக் கூட நிறுத்தி கேட்டுட்டுதான் அடுத்த பக்கம் போனீங்க. அவ்ளோ பொறுமையா எங்க தொழிலைக் கேட்டு புரிஞ்சுக்கிட்டதுக்கு மனசார நன்றி மேடம். எல்லா சரக்கும் 143 செக்ஷன் சொல்ற ஒரு வருஷத்துக்குள்ளயே திரும்பி வந்துடுச்சுன்னு அன்னிக்கே பார்த்து முடிச்சாச்சு.

இப்ப எங்க வேண்டுகோள் ஒண்ணுதாங்க. 61(2) செக்ஷன் படி விளக்கம் ஏத்துக்கிட்டா அதை எங்களுக்குத் தெரியப்படுத்தணும், 99(3) ரூல்ல அதுக்குன்னே ஏஎஸ்எம்டி-12 இருக்கு. நேத்து ராத்திரி வரைக்கும் போர்ட்டல்ல இந்த கேஸ்ல ORDERS டேப் காலியாத்தான் இருக்கு. உங்களுக்கு எவ்ளோ ஃபைல் இருக்கும்னு தெரியும், அவசரப்படுத்தணும்னு இல்ல, ஆனா உங்க வார்த்தை மேல முழு நம்பிக்கை இருந்தாலும் பேப்பர்ல இருந்தாதான் நாளைக்கு இந்த சீட்டுக்கு வேற ஆபீசர் வந்தாலும் சரி, எங்க தம்பி கடையைப் பார்த்துக்கிட்டாலும் சரி, திரும்ப முதல்ல இருந்து சொல்ல வேண்டியிருக்காது. பேங்க்லயும் சிசி லிமிட் ரெனியூவலுக்கு நிலுவையில நோட்டீஸ் எதுவும் இல்லன்னு காட்ட சொல்றாங்க, இந்த மாசக் கடைசிக்குள்ள ஆர்டர் கிடைச்சா தீபாவளி சரக்குக்கு ரொம்ப உதவியா இருக்கும்.

ஆர்டர்ல ரெண்டு பாயிண்டையும் தனித்தனியா குறிப்பிட்டு, வரி, வட்டி, அபராதம் எதுவும் இல்லன்னு ஒரு வரி சேர்த்து போர்ட்டல்ல ஏத்திடுங்க மேடம். முடிஞ்சா கையெழுத்து, சீல் போட்ட ஒரு காப்பியும் குடுங்க, ஆள் அனுப்பி வாங்கிக்கிறோம். இன்னும் ஏதாவது பேப்பர் வேணும்னா சொல்லுங்க, அன்னிக்கே கொண்டு வந்து குடுத்துடுறோம். சலான் புக்கும் பில்லும் சட்டப்படி வைக்க வேண்டிய 72 மாசம் வரைக்கும் பத்திரமா கடையிலயே இருக்கும், எப்ப வேணா வந்து பார்க்கலாம்.

நோட்டீஸ், எங்க பதில், சப்ளையர் சர்டிஃபிகேட் மூணோட காப்பியும் இதோட இணைச்சிருக்கேன், ஜிஎஸ்டி நம்பரும் ரெஃபரன்ஸ் நம்பரும் நோட்டீஸ் முதல் பக்கத்துலயே இருக்கு.

மிக்க நன்றியுடன்,
உரிமையாளர்,
வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம்,
செவ்வாய்பேட்டை, சேலம்.