பயிற்சித்தாள்: ஒலி (எட்டாம் வகுப்பு, அறிவியல்)

நேரம்: 40 நிமிடம். கணக்குகளில் படிகளையும் அலகையும் எழுதுங்கள். விடை தப்பினாலும் படி சரியாக இருந்தால் மதிப்பெண் உண்டு.

ஒலியின் வேகம் (தோராயமாக, மீட்டர்/விநாடி)
காற்று 340, பாதரசம் 1,450, நன்னீர் 1,480, கடல்நீர் 1,500, எஃகுக் குழாய் 5,100

அ. எதிரொலி

1. கல்குவாரியில் நின்று கை தட்டுகிறீர்கள். எதிரே உள்ள பாறையில் பட்டு 0.5 விநாடியில் எதிரொலி வருகிறது. பாறை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? (ஒலி போய்த் திரும்புகிறது. இதை மறப்பவர்கள்தான் அதிகம்.)

2. எதிரொலி தனியாகக் கேட்க, முதல் ஒலிக்கும் அதற்கும் குறைந்தது 0.1 விநாடி இடைவெளி வேண்டும். எட்டு மீட்டர் நீள வகுப்பறையில் ஏன் எதிரொலி கேட்பதில்லை? கணக்கிட்டுக் காட்டுங்கள்.

3. மீன்பிடிப் படகு கடலடிக்கு அனுப்பிய ஒலித்துடிப்பு 0.08 விநாடியில் திரும்புகிறது. ஆழம் என்ன?

ஆ. ஊடகங்கள்

4. காற்று மட்டுமே உள்ள 340 மீட்டர் நீள எஃகுக் குழாயின் ஒரு முனையை நண்பர் ஒருமுறை தட்டுகிறார். மறுமுனையில் காதை வைத்தால் இரண்டு ஒலிகள் கேட்கும். ஏன்? இடைவெளி எவ்வளவு?

5. "அடர்த்தி கூடினால் ஒலி வேகமாகப் போகும்" என்கிறாள் ஒரு மாணவி. பாதரசம் நீரைவிட 13.6 மடங்கு அடர்த்தியானது. மேலே உள்ள வேகங்களைப் பார்த்துவிட்டு அவளுக்குப் பதில் எழுதுங்கள்.

இ. சுருதியும் உரப்பும்

வீட்டில் "குரலை உயர்த்து" என்றால் சத்தமாகப் பேசு என்று பொருள். இங்கே அந்தச் சொல்லைக் கவனமாகப் பயன்படுத்துங்கள்: சத்தம் கூடுவது உரப்பு, குரல் கீச்சென ஆவது சுருதி.

மூன்று அலைகளை ஒரே கருவி வரைந்திருக்கிறது:
க: 256 ஹெர்ட்ஸ், வீச்சு 2 கட்டம்
ங: 256 ஹெர்ட்ஸ், வீச்சு 4 கட்டம்
ச: 512 ஹெர்ட்ஸ், வீச்சு 2 கட்டம்

6. க, ங இரண்டில் எதன் உரப்பு அதிகம்? மூன்றில் எதன் சுருதி அதிகம்? காற்றில் எந்த இரண்டின் அலைநீளம் சமம்?

7. ச அலையின் அலைநீளத்தைக் காணுங்கள்.

8. வீணைக் கம்பியை முதலில் மெதுவாகவும் பிறகு பலமாகவும் மீட்டுகிறோம். அப்புறம் அதே கம்பியை ஒரு மெட்டில் அழுத்தி, அதிரும் நீளத்தைக் குறைத்து மீட்டுகிறோம். எப்போது வீச்சு மாறியது, எப்போது அதிர்வெண் மாறியது?

9. காதருகே ரீங்கரிக்கும் கொசு, தெருக்கோடியில் முழங்கும் தவில்: சுருதி எதற்கு அதிகம்? உரப்பு எதற்கு அதிகம்? இரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவையா?

விடைகள்

1) 340 × 0.5 ÷ 2 = 85 மீட்டர்.
2) 16 ÷ 340 ≈ 0.047 விநாடி, 0.1-ஐ எட்டவில்லை.
3) 60 மீட்டர்.
4) எஃகு வழியே 0.07 விநாடி, காற்று வழியே 1 விநாடி. இடைவெளி சுமார் 0.93 விநாடி.
5) பாதரசத்தில் வேகம் நீரைவிடச் சற்றுக் குறைவு. அடர்த்தி மட்டும் வேகத்தைத் தீர்மானிப்பதில்லை. அழுத்தினால் பொருள் எவ்வளவு எதிர்த்து மீள்கிறது என்பதும் முக்கியம். எஃகு முந்துவது அதன் விறைப்பால்.
6) ங, ச, க-வும் ங-வும்.
7) 340 ÷ 512 ≈ 0.66 மீட்டர்.
8) பலமாக மீட்டியபோது வீச்சு, நீளம் குறைந்தபோது அதிர்வெண்.
9) சுருதி கொசுவுக்கு, உரப்பு தவிலுக்கு. சார்ந்தவை அல்ல.