கல்லடி நாற்றுமேடை: இந்த வாரக் கன்றுகள்

கறுத்தக்கொழும்பான் ஒட்டு மாங்கன்று | 10 அங்குலப் பை | முழு வெயில் | ஒட்டு மண்ணுக்கு மேலே நிற்க நடுங்கள், அதற்குக் கீழே வரும் துளிரைக் கிள்ளிவிடுங்கள்

அடுக்குச் செவ்வரத்தை, சிவப்பு | 8 அங்குலச் சாடி | வெயில், தினமும் தண்ணீர் | மூன்று மொட்டோடு நிற்கிறது

போகன்வில்லா, கடதாசிப்பூ | 8 அங்குலம் | கடற்கரை வளவுக்கு ஏற்றது, உப்புக்காற்றைத் தாங்கும், குறைந்த தண்ணீர்

அடீனியம், பாலைவன ரோஜா | 6 அங்குலம் | மணல் கலவை | மாரி தொடங்கினால் தாழ்வாரத்துக்குள் எடுத்து வையுங்கள், அடிக்கிழங்கு அழுகிவிடும்

மணிபிளான்ட் | 4 அங்குலம் | வீட்டுக்குள், நிழல் | இலை நஞ்சு, பிள்ளைகளுக்கு எட்டாத உயரம் நல்லது

கறிவேப்பிலை | 5 அங்குலப் பை | நுனி கிள்ளினால் கிளைக்கும்

தேசி, ஒட்டுக்கன்று | 10 அங்குலம் | வெயில்