அடுப்படிக்குள் போவதற்கு முன்: புதிதாகச் சேர்ந்தவர்களிடம் மாஸ்டர் பேசியது

எல்லாரும் வந்தாச்சா? சரி, உட்காருங்கள். டிபன் ஷிப்டுக்கு நாளைக் காலை ஐந்தரைக்கு இறங்கப் போகிறீர்கள். அதற்குள் மூன்று விஷயம் சொல்லிவிடுகிறேன். கை, காயம், வயிறு.

முதலில் கை. கதவுக்குப் பக்கத்தில் இருக்கிற சிறிய சிங்க் கை கழுவ மட்டும்தான். அதில் காய் அலசக் கூடாது, டம்ளர் கழுவக் கூடாது. குண்டான் தண்ணீரில் கையை முக்கி எடுப்பதும் கழுவுவதாகாது. முக்கின அழுக்கு அதே தண்ணீரில்தான் கிடக்கும், அடுத்தவர் அதிலேயே முக்குவார். ஓடுகிற தண்ணீர், சோப்பு, 20 விநாடி தேய்ப்பு. விரல் இடுக்கு, கட்டைவிரல், நக ஓரம், மணிக்கட்டு எல்லாம் சேரணும். துடைக்கக் காகிதத் துண்டு வைத்திருக்கிறோம். தோளில் கிடக்கிற துண்டில் துடைத்தால் கழுவினதே வீண்.

மோதிரம், வாட்ச் எல்லாம் லாக்கரில். சாமி கயிறு கட்டியிருப்பவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள். நாள் முழுக்க ஈரமாக இருக்கிற நூல் அது. கழற்ற மனமில்லை என்றால் கையிலிருந்து எடுத்துக் கழுத்தில் போட்டுச் சட்டைக்குள் விட்டுக்கொள்ளுங்கள்.

எப்போதெல்லாம் கழுவணும்? உள்ளே வந்ததும், கழிவறை போய் வந்ததும், பச்சைக் கோழி, மீன், முட்டை தொட்டதும், குப்பை எடுத்ததும், இருமினதும், செல்போன் எடுத்ததும், காசு வாங்கினதும். கையுறை போடுவதற்கு முன்னாலும் கழுவணும். சானிடைசர் போட்டாச்சு மாஸ்டர் என்று யாரும் சொல்லாதீர்கள். வாந்தி பேதி கொண்டுவரும் நோரோ வைரஸ் அதற்கு அவ்வளவாக அசையாது. சோப்புத் தேய்ப்பில்தான் கையை விட்டுப் போகும்.

அடுத்தது காயம். கட்டிங்கில் நிற்பவருக்கு விரல் வெட்டும், தேங்காய் துருவுகிறவருக்குச் சிராய்க்கும். அதற்கு யாரும் திட்ட மாட்டோம். உடனே வேலையை நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள். ரத்தம் பட்ட காய் அப்படியே குப்பைக்கு, பலகையும் கத்தியும் கழுவப் போகும். காயத்தை ஓடும் தண்ணீரில் கழுவி, காயவைத்து, முதலுதவிப் பெட்டியில் உள்ள நீலப் பிளாஸ்டரை ஒட்டி, மேலே கையுறை. மஞ்சள் தூள், காபித் தூள் வைத்து அமுக்குகிற வைத்தியம் வேண்டாம். பிளாஸ்டர் ஏன் நீலம்? நாம் சமைக்கிற எதுவும் அந்த நிறத்தில் இல்லை. சட்னியில் விழுந்தால் கண்ணில் படும்.

சீழ் வைத்த காயமோ கட்டியோ கையில் இருந்தால், மூடியிருந்தாலும் என்னிடம் காட்டணும். அதிலிருக்கிற ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி சாப்பாட்டில் விழுந்து, வெதுவெதுப்பில் சில மணி நேரம் கிடந்தால் நஞ்சு உண்டாக்கும். திரும்பக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நஞ்சு போகாது. ‘சூடு பண்ணிட்டோமே’ என்பது அங்கே பலிக்காது. தயிர்சாதம், சட்னி, வெங்காயப் பச்சடி மாதிரி அடுப்பைத் தொடாமல் இலைக்குப் போகிறவற்றில் இன்னும் கவனம். அடுப்புப் பக்கம் நிற்பவர்கள் பிளாஸ்டிக் கையுறை போடக் கூடாது, உருகிப் பிடிக்கும். விரலில் காயம் பட்ட பரோட்டா மாஸ்டரை அன்றைக்கு ஸ்டோர் கணக்குக்கு மாற்றிவிடுவேன்.

இப்போது வயிறு. இதைத்தான் எல்லாரும் மறைக்கிறார்கள். ஏன் என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் கூலி போய்விடும், புது ஆள் இதற்குள் லீவா என்பார்கள் என்ற பயம். முதலாளியிடம் பேசிவிட்டேன்: வயிற்றுக்கோளாறு என்று சொல்லி நிற்கிற நாளுக்குச் சம்பளம் பிடிக்கப்படாது.

வாந்தி, பேதி, காய்ச்சலோடு வயிற்று வலி, கண் மஞ்சளாவது, இதில் எது வந்தாலும் கிளம்புவதற்கு முன்னாலேயே போன் பண்ணுங்கள். நடு இரவானாலும் பரவாயில்லை. வந்து பார்த்துக்கலாம் என்று வராதீர்கள். வேலை நடுவில் வந்தால், தொட்டதை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து சொல்லுங்கள். வீட்டில் குழந்தைக்குப் பேதி என்றாலும் ஒரு வார்த்தை போடுங்கள்.

திரும்ப வருவது எப்போது? கடைசியாக வாந்தியோ பேதியோ ஆன நேரத்திலிருந்து 48 மணி நேரம் கழித்து. திங்கள் இரவு எட்டு மணிக்கு நின்றது என்றால் வியாழன் காலை ஷிப்டுக்கு வாருங்கள். மாத்திரை போட்டுப் பேதியை நிறுத்தினால் கிருமி போய்விட்டது என்று அர்த்தமில்லை. மஞ்சள் காமாலை, டைபாய்டு என்றால் டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகுதான். டைபாய்டில் உடம்பு தேறின பிறகும் சிலர் கிருமியைச் சுமந்துகொண்டிருப்பார்கள். வருடா வருடம் மருத்துவப் பரிசோதனை, தடுப்பூசி எல்லாம் அதற்காகத்தான். அந்தச் சான்றிதழை உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்தால் கேட்பார்.

ஹிந்தி பேசுகிற தம்பிகளுக்கு இதையே சூப்பர்வைசர் மறுபடி சொல்வார், யாரும் நழுவ வேண்டாம். என் நம்பர் லாக்கர் கதவில் ஒட்டியிருக்கிறது, இப்போதே போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஏற்றினவர்கள் போனை உள்ளே வைத்துவிட்டு சிங்க்குக்கு வாருங்கள், ஒவ்வொருவராகக் கழுவிக் காட்டணும். நகம் வளர்த்திருப்பவர்களுக்கு நகவெட்டி மேசையில் இருக்கிறது.