காய்ச்சல் விட்ட நாளில்தான் கவனம் வேண்டும்: ஆறு மாதத்தில் 80,732 டெங்கு நோயாளர்கள்

கொழும்பு, 2017 ஜூலை 20

ஜனவரி முதலாம் திகதி முதல் ஜூலை 7 வரை இலங்கையில் 80,732 பேர் டெங்குக் காய்ச்சலுக்கு உள்ளாகியிருக்கிறார்கள். 215 பேர் உயிரிழந்திருக்கிறார்கள். சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு தரும் கணக்கு இது. 2010 முதல் 2016 வரையான ஆண்டுகளில் இதே காலப்பகுதியில் பதிவான சராசரியைப் போல இது 4.3 மடங்கு. கடந்த ஆண்டு முழுவதற்கும் சேர்த்தே சுமார் 55,000 பேர்தான் பாதிக்கப்பட்டார்கள். அந்தத் தொகையை அரையாண்டிலேயே தாண்டிவிட்டோம். ஜூலை 7க்குப் பிறகும் எண்ணிக்கை ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

கொழும்பு மாவட்டத்தில் 18,186 பேர், கம்பஹாவில் 12,121 பேர், களுத்துறையில் 4,589 பேர் என நோயாளர்களில் 43 வீதத்தினர் மேல் மாகாணத்தவர்கள். குருநாகலில் 4,889 பேரும் மட்டக்களப்பில் 3,946 பேரும் பதிவாகியிருக்கிறார்கள். இரத்தினபுரி, கண்டி மாவட்டங்களிலும் நாலாயிரத்தை நெருங்குகிறது.

இம்முறை பரவுவது பெரும்பாலும் டெங்கு வைரஸின் இரண்டாம் வகை. 2009க்குப் பிறகு அது இங்கே மிகக் குறைவாகவே காணப்பட்டது. முன்பு வேறொரு வகையால் டெங்கு வந்தவர்களுக்கு இதிலிருந்து பாதுகாப்பு இல்லை. இரண்டாம் முறை தொற்றும்போது நோய் கடுமையாகும் அபாயமும் கூடுதல். மே மாத வெள்ளமும், மீதொட்டமுல்லை குப்பைமேடு சரிந்த பிறகு தெருவோரங்களில் தேங்கிய குப்பையும் நுளம்புக்கு வாய்ப்பாகிவிட்டன.

வைத்தியசாலைகளில் இடமில்லை. நீர்கொழும்பு வைத்தியசாலையில் மூன்று தற்காலிக விடுதிகள் அமைக்க வேண்டியதாயிற்று. இந்த வாரம் நான் சென்ற ஒரு சிறுவர் விடுதியில் ஒரு கட்டிலில் இரண்டு பிள்ளைகள் தலைமாறிப் படுத்திருந்தார்கள், நடைபாதையில் பாய்கள். அங்கே ஒரு தாய், மகனின் பாடசாலைக் கொப்பியின் பின்பக்கத்தில் கோடு கிழித்து, எத்தனை மணிக்கு எவ்வளவு கஞ்சி குடித்தான், எத்தனை மணிக்குச் சிறுநீர் கழித்தான் என்று எழுதிக்கொண்டிருந்தார். விடுதி முழுவதும் தாதியர் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கொப்பி பெரிய உதவி. காய்ச்சல்காரர் இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒரு கணக்கு இருக்க வேண்டும்.

ஏனென்றால் பலர் ஏமாறுவது ஓரிடத்தில்தான். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்குகிறது. பிள்ளைக்குச் சுகமாகிவிட்டது என்று வீடு நிம்மதியடைகிறது. அப்போதுதான் சிலருக்கு இரத்தக் குழாய்களிலிருந்து திரவம் கசியத் தொடங்குகிறது. அடுத்த 24 முதல் 48 மணித்தியாலங்களே ஆபத்தானவை. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, முரசிலோ மூக்கிலோ இரத்தம், கை கால் குளிர்தல், மயக்கம், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், காய்ச்சல் இல்லாவிட்டாலும், உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். கூட்டமாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம்.

காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும், உரிய அளவில், ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. அஸ்பிரின், ஐபுபுரூபன் போன்ற வலிநிவாரணிகள் இரத்தக்கசிவை மோசமாக்கும், தொடவே வேண்டாம். இளநீர், கஞ்சி, ஜீவனி, பழச்சாறு கொடுங்கள். சிவப்பு, கபில நிறப் பானங்களைத் தவிருங்கள், வாந்தியில் இரத்தம் இருந்தால் தெரியாமல் போய்விடும். மூன்றாம் நாளில் இரத்தப் பரிசோதனை அவசியம். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் முதல் நாளிலேயே வைத்தியரைக் காண வேண்டும். நோயாளியைப் பகலிலும் நுளம்பு வலைக்குள் படுக்க வையுங்கள். அவரைக் கடித்த நுளம்புதான் அடுத்தவருக்குக் கொண்டுபோகிறது.

இராணுவத்தினரும் பொலிஸாரும் துப்புரவுப் பணியில் இறங்கியிருக்கிறார்கள், புகையும் அடிக்கப்படுகிறது. ஆனால் புகை, பறக்கும் நுளம்பைத்தான் கொல்லும். தண்ணீரில் நெளியும் குடம்பியை ஒன்றும் செய்யாது. முட்டை நுளம்பாக ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். ஆகவே வாரத்தில் ஒரு நாள், அரை மணித்தியாலம், வீட்டைச் சுற்றி வாருங்கள். கூரைப் பீலியில் அடைத்த இலைகளை அள்ளுங்கள். மழை நீர் நிற்கும் சிரட்டை, யோகட் கோப்பை, பழைய டயர் ஆகியவற்றை அகற்றுங்கள். குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் நீர் வடியும் தட்டைப் பெரும்பாலானோர் மறந்துவிடுகிறோம், அதை இழுத்துப் பாருங்கள். பூச்சாடித் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்தும் உயிரோடிருக்கும் என்பதால் தேங்காய்த் தும்பால் உரசிக் கழுவ வேண்டும். தண்ணீர்த் தாங்கியை இறுக மூடுங்கள்.

இந்த நுளம்பு கடிப்பது பெரும்பாலும் காலையிலும் மாலை மங்கும் முன்னும். பாடசாலை செல்லும் பிள்ளைகளுக்குக் கை கால் மூடும் உடை அணிவித்து, உடை மூடாத இடங்களில் நுளம்பு விரட்டி பூசி அனுப்புங்கள். பூட்டிக் கிடக்கும் அயல் வீட்டிலோ வெற்றுக் காணியிலோ தண்ணீர் தேங்கியிருந்தால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு இன்றே அறிவியுங்கள்.